கையால் பூசிய தார்

எங்கள் கடைக்கு முன்னால் ரோடு போட்ட அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வாசனைதான் வரும். காய்ச்சிய தார் வாசனை ஒரு பக்கம், சோப்புத் தண்ணீர் வாசனை ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் என் நாத்தனாரின் கையிலிருந்து வரும் சமையல் எண்ணெய் வாசனை. அந்த மூன்றும் சேர்ந்த வாசனைக்காக இப்போதும் சில நாள் மனசு ஏங்கும். சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஊருக்கெல்லாம் அவர் தாரக்கா. டயரில் ஒட்டிய தாரை எடுக்கும் அக்கா தாரக்கா, அவ்வளவுதான். லாரி டிரைவர் ஒருவர் வைத்த பெயர், சொந்தப் பெயரை விழுங்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. அண்ணியும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. கோபப்படுகிற வேலையை அந்த வீட்டில் நான் ஒருத்தியே குத்தகைக்கு எடுத்திருந்தேன்.

எங்களுடையது வண்டி கழுவும் கடை. வாட்டர் சர்வீஸ் என்று போர்டு இருக்கும். தெருவிலிருந்து சரிவாக உள்ளே இறங்க வேண்டும். தகரக் கூரை, கார் ஏற்றுகிற சிமெண்டு மேடை, கத்திக்கொண்டே இருக்கும் தண்ணீர் பம்பு, மூலையில் சோப்புத் தண்ணீர் டிரம். டிரம்முக்குப் பக்கத்தில் அண்ணியின் குட்டை ஸ்டூல். தாய் தகப்பன் போன பிறகு தம்பி தலையெடுக்கட்டும் என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர். தம்பி தலையெடுத்து, கடையைத் தன் பொறுப்பில் எடுத்து, என்னையும் கட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் அண்ணிக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "அந்த டவலை எடு" என்பார். அதற்குமேல் யாரும் பேச முடியாது.

என் மாமியார் ஸ்தானத்தில் இருந்து என்னை வறுத்தெடுக்கப் போகிறார் என்று பயந்துதான் அந்த வீட்டுக்குள் வந்தேன். வந்த இரண்டாம் வாரமே நான் அவரை வறுக்க ஆரம்பித்துவிட்டேன். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார், சக்கரம் முடியட்டும் என்பார். "அந்தச் சக்கரத்தையே கட்டிக்கோங்க" என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே கழுவுவார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

ரோடு வேலை தொடங்கியதும் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. பழைய ரோட்டைச் சுரண்டி, தார்த் தண்ணியைத் தெளித்து, அதன்மேல் தார் கலந்த ஜல்லியைக் கொட்டி ரோலர் விட்டார்கள். தடுப்பு வைத்திருந்தாலும் நம் ஜனம் சும்மா இருக்குமா? குறுக்கே புகுந்து வரும். வண்டிகள் கதவுக்குக் கீழெல்லாம் கறுப்பு அம்மை போட்டதுபோல் புள்ளிபுள்ளியாக எங்கள் கடையில் நிற்கும். டயரின் பக்கவாட்டில் அப்பியிருக்கும். ரிம்முக்குள் ஜல்லியோடு உருண்டை உருண்டையாக உட்கார்ந்திருக்கும்.

மற்ற கடைகளில் மண்ணெண்ணெயில் துணியை முக்கி ஒரே தேய். தார் போய்விடும், வாஸ்தவம். ஆனால் ரப்பரின் உயிரும் கூடவே போகும். கொஞ்ச நாளில் டயர் வெளுத்து, பித்தவெடிப்பு மாதிரி கீறல் விடும். அண்ணி அந்தப் பக்கமே போகமாட்டார். முதலில் டயர் ஆறவேண்டும். சூடாக இருக்கும்போது தேய்த்தால் தார் எடுபடாது, பரவும். பிறகு தண்ணீர் அடித்து மண்ணைப் போக்குவார், இல்லாவிட்டால் மணலே ரிம்மைக் கீறிவிடும். பிளாஸ்டிக் கேனிலிருந்து வெட்டிய துண்டால் கட்டியை மட்டும் நெம்பி எடுப்பார், இரும்பு தொடமாட்டார். அப்புறம் பழந்துணியில் சமையல் எண்ணெய் தொட்டுப் பக்கவாட்டில் தடவி, ஊறவிட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போவார். திரும்பி வரும்போது தார் பழுப்பாகக் கசிந்து இளகியிருக்கும். துணியில் ஒவ்வொரு முறையும் புது மடிப்பைத் திருப்பித் துடைப்பார், அழுக்கு மடிப்பு மறுபடி டயரைத் தொடக்கூடாது. ரிம்முக்கு மட்டும் தார் எடுக்கும் மருந்து, அதுவும் துணியில் தொட்டுத்தான். சக்கரத்தின்மேல் அடித்தால் பிரேக்கில் போய் விழும் என்பார். கடைசியில் எண்ணெய்ப் பிசுக்குத் துளி இல்லாமல் சோப்புப் போட்டு அலசிவிடுவார். டயர் கறுப்பாக இருக்கும், பளபளக்காது. பளபளத்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டுக்காரருக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒருமுறை ஒரு காரின் சக்கரத்தைக் கழற்றி, ரிம்மின் உட்பக்கம் தாருக்கு அடியில் ஒட்டியிருந்த சக்கரச் சமநிலைக்கான எடைத்துண்டையும் தார்க்கட்டி என்று நெம்பி எறிந்துவிட்டார். அந்தக் கார்க்காரர் வேகமெடுத்தால் ஸ்டீயரிங் உதறுகிறது என்று மறுநாளே வந்து நின்றார். அண்ணி குப்பைக் கூடையைக் கவிழ்த்து, தார்க்கட்டிகளைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்து, கனத்ததை மட்டும் எடுத்து நீட்டினார். பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. தார் விஷயத்தில் அவர் கண்ணையும் கையையும் யாரும் ஏமாற்ற முடியாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாயங்காலம் பைக் ஒன்று சரிவில் இறங்கி வந்தது. ஓட்டி வந்தவர் எதிரே ரோலர் ஓட்டுகிறவர். அண்ணி வயசு இருக்கும், காதோரம் நரை, வெயிலில் கறுத்த உடம்பு. தார்த் தண்ணி தெளித்த இடத்தில் யாரோ ஸ்கூட்டரோடு சறுக்கி விழ, தூக்கிவிட அவசரத்தில் அதிலேயே வண்டியை விட்டுவிட்டாராம். தரையில் படுகிற டயர் பட்டனெல்லாம் தார், மட்கார்டுக்கு அடியில் தார், செயின் கவரில் தார். அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரும் எதிரே குத்தவைத்து, எண்ணெயில் தார் இளகுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். காலமெல்லாம் தாரை ஒட்டவைத்த மனுஷன், அது கழன்று வருவதை அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்த்தார் போல.

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஒவ்வொரு நாளும் டயரின் பக்கவாட்டில் தார். வேலை முடிந்த கையோடு வருவார், அண்ணி எடுப்பார், போவார். இடையில் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. ஜல்லி என்ன சைஸ், மழை வருமா, ஸ்டூல் காலில் ஒன்று ஆடுகிறதே, இப்படி. ஒருநாள் அந்த ஆடுகிற காலுக்கு ஆணி அடித்துக் கொடுத்தார். அண்ணி அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டதும் வந்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எங்கள் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? பாவம், அந்த ஆளுக்கு வண்டி ஓட்டவே தெரியவில்லை, தினம் தாரில் விடுகிறான் என்று உச்சுக்கொட்டினார். இவரைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டுக்கு எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்ள?

நான் அன்றைக்கே அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். பைக் இன்னும் நின்றுகொண்டிருந்தது, ரோலர்காரர் முகம் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தார்.

"ரோடு போடுறவருக்கு எங்க தார் ஈரமா இருக்குன்னு தெரியாதா அண்ணி? தினம் தினம் அதுலயே கொண்டுபோய் விடுவாரா?"

அண்ணி என் கையைப் பிடித்து டயர் பக்கம் குனியவைத்தார். மட்கார்டுக்கு அடியில் விரலை விட்டுக் காட்டினார். சுத்தம். பட்டன் இடுக்கில் காட்டினார். ஒரு ஜல்லிப்பொடிகூட இல்லை. பக்கவாட்டில் மட்டும், வெளிப்பக்கம் மட்டும், ஒரு தீற்றல். அதன் நுனியில் வட்டமாக ஒரு பெருவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது.

"ஓடி ஒட்டின தார் உள்ளே தெறிக்கும். இது பூசின தார்" என்றார் மெதுவாக.

"எத்தனை நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"இரண்டாம் நாள்லேர்ந்து."

சொல்லிவிட்டு எண்ணெய்த் துணியை எடுத்து அந்த ரேகையைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் முகம் அப்போது சிவந்திருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த மனுஷியை ஒருத்தர் பார்த்துவிட்டாரே, கடைசியில் ஒருத்தர் பார்த்துவிட்டாரே என்று இருந்தது.

ஆனால் ரோடு என்ன நமக்காக நிற்குமா? தினமும் எங்கள் கடையைத் தாண்டி நீண்டுகொண்டே போனது. ரோலர் சத்தம் முதலில் காதைப் பிளந்தது, பிறகு பேசினால் கேட்கும் அளவுக்கு ஆனது, பிறகு காற்றடித்தால்தான் கேட்டது. முடிந்ததும் ஆட்களும் வண்டிகளும் வேறு ஊருக்குக் கிளம்பிவிடும், இந்தப் பக்கம் மறுபடி ரோடு போட வருடக்கணக்காகும். நான் போய்க் கேட்கிறேன், இல்லை உங்கள் தம்பியை அனுப்புகிறேன் என்று அண்ணியைக் குடைந்தேன். அந்த டவலை எடு என்பார் என்று நினைத்தேன். அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை.

"அவரே சொல்லட்டும். நாம கேட்டு, அவர் சும்மா பொழுதுபோக்கத்தான் வந்தேன்னு சொல்லிட்டா, அப்புறம் நான் இந்த ஸ்டூல்ல எப்படி உட்காருவேன் சொல்லு. எனக்கு இருக்கிறது இந்த இடம் ஒண்ணுதான்."

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாயை மூடவைத்த ஆட்கள் உலகத்தில் மிகக் குறைவு.

கடைசி நாள் மத்தியானம் ரோட்டில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ரோலரை லாரியில் ஏற்றியாகிவிட்டது என்று டீக்கடைக்காரர் வந்து சொன்னார். அண்ணி அதைக் கேட்டுக்கொண்டு ஒரு காரின் ரிம்மைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பைக் வந்தது. வந்தது என்றால் வந்து நிற்கவில்லை. சரிவில் இறங்கியவர் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே வருகிறார், வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது, நேரே சோப்புத் தண்ணீர் டிரம்மில் மோதி, டிரம் கவிழ்ந்து, ஆள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். கடை முழுக்க நுரை. நுரைக்கு நடுவில் ரோலர்காரர் முழங்கையில் ரத்தத்தோடு எழுந்து உட்கார்ந்தார். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று.

அண்ணி ஓடிவந்தார். ஆளைப் பார்த்தார், பிறகு பழக்கதோஷம், சக்கரத்தைப் பார்த்தார். அன்றைக்கு டயரில் தார் இல்லை. துளிகூட இல்லை. ஆனால் பளபளவென்று மின்னியது. அண்ணி பிரேக் தட்டில் விரலை வைத்து, மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"டீசலா?"

ரோலர்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ரோட்டு வேலையில் மண்வெட்டி, கரண்டி எல்லாவற்றையும் டீசலில்தான் கழுவுவார்களாம். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். சக்கரம் இரண்டையும் டீசல் ஊற்றி ஊற்றிக் கழுவியிருக்கிறார். பிரேக்கிலும் ஊறி, டயர் பட்டனிலும் ஊறி, பிடிமானமே இல்லாமல் அந்தப் புது ரோட்டில் வந்திருக்கிறார்.

அண்ணி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். பம்பு சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"அறிவிருக்கா உங்களுக்கு? ரோட்டுல லாரி வந்திருந்தா என்ன ஆயிருக்கும்? யாரு உங்களை சக்கரம் கழுவச் சொன்னது? எப்பவும் போலத் தாரைப் பூசிக்கிட்டு வந்திருந்தா நான் எடுத்துவிட மாட்டேனா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ரோலர்காரரும் நிமிர்ந்து பார்த்தார்.

"பூசினது தெரியுமா உங்களுக்கு?"

"உங்க கட்டைவிரலே அதுல இருந்துச்சு."

ரோலர்காரர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தினம் ஒரு பொய்யோட வந்தேன். இன்னிக்கு கேட்க வேண்டியதைக் கேட்கணும்னு நினைச்சேன். அதையும் தாரோட வந்து கேட்கக் கூடாதுன்னுதான் கழுவினேன்."

அண்ணி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கையில் இருந்த டீசலும் கறுப்பும் கன்னம் முழுக்க ஏறிக்கொண்டது. யாரும் அதைச் சொல்லவில்லை. அப்படியே நின்றுகொண்டு, "கேளுங்க" என்றார்.

அவர் கேட்டார். என்ன வார்த்தையில் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்காரர் எதிரே வந்து, என்ன ஆச்சு, யார் டிரம்மைக் கவிழ்த்தது என்று சத்தம் போட, அவரை இழுத்துக்கொண்டுபோய்க் கடைக்குப் பின்னால் நிறுத்திவைப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. திரும்பி வந்தபோது அண்ணி அவர் முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் வந்து பார்த்து, டீசல் குடித்த பிரேக் பேடு இனி பிடிக்காது, முன்னும் பின்னும் புதுசுதான் போடவேண்டும், சாமான் வர நாளைக்கு ஆகும் என்றார். ஆட்களை ஏற்றிய வேன் ரோட்டில் நின்று ஹாரன் அடித்தது. ரோலர்காரர் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். வேன் அவரை விட்டுவிட்டுப் போனது. சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவர் பெண் கேட்டபோது, எங்கள் வீட்டுக்காரர், "அப்ப உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார். அண்ணி சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. விஷயம் தெரிந்த, பெயர் வைத்த அந்த லாரி டிரைவர்தான், தாரக்கா தாரமாகிவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அதன்பிறகு அண்ணி அவரோடு ரோடு போகிற ஊரெல்லாம் போனார். ஸ்டூல் காலியாகக் கிடந்தது. அதில் யாரையும் நான் உட்காரவிடவில்லை. என்னோடு சண்டை போடாத ஒரு ஆள் இல்லாமல் எனக்குச் சண்டை போடவே பிடிக்காமல் போயிற்று. வருடத்துக்கு ஒரு தடவை இருவரும் அந்த பைக்கில் வருவார்கள். சரிவில் இறங்கும்போதே நான் டயரைப் பார்ப்பேன். பக்கவாட்டில் ஒரு தீற்றல், நுனியில் பெருவிரல் ரேகை. தவறவே தவறாது. அண்ணி வீட்டுக்குள் காலெடுத்து வைக்குமுன் ஸ்டூலில் உட்கார்ந்து அதைத் துடைத்தெடுப்பார். அவர் எதிரே குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலையிலிருந்து நின்ற பிறகும்கூட அந்தத் தீற்றல் இருந்தது. தாருக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு டப்பா வைத்திருக்கிறேன் என்றார் கூச்சத்தோடு.

போன வருடம் இங்கே வரக் கிளம்புவதற்கு முந்தின நாள் ரோலர்காரருக்கு நெஞ்சு வலித்தது. அதோடு சரி.

எல்லாம் முடிந்து அண்ணி எங்களோடேயே வந்துவிட்டார். பைக்கை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இறக்கி நிறுத்தியதும் நான் பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டேன். பின் டயரின் பக்கவாட்டில் தீற்றல் இருந்தது. பயணத்துக்கென்று பூசிவைத்தது. அண்ணியும் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து துணியில் தொட்டார். அந்த ரேகையின்மேல் தன் பெருவிரலை வைத்தார், எடுத்தார். நான் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல், ரொம்ப நாள் விட்டால் கறை ரப்பரில் இறங்கிவிடும் அக்கா, நான் எடுத்துவிடட்டுமா என்றார்.

அண்ணி பாட்டிலை மூடிவைத்தார்.

"இறங்கட்டும்டா" என்றார்.